பிரெஞ்சு ஆபீஸ்ல போன் அடிச்சா எடுத்து வெக்கிறது வரைக்கும்: ஒரே ஒரு கால், முழுசா

பாண்டில ஸ்கூல்ல பிரெஞ்சு படிச்சேன், நல்ல மார்க்கு தான். அத நம்பி பாரிஸ் பக்கத்துல ஒரு சின்ன ஆபீஸ்ல ரிசப்ஷன்ல உக்காந்தேன். நேர்ல வர்றவங்கள ஒரு மாதிரி சமாளிச்சுட்டேன், கை இருக்கு, மூஞ்சி இருக்கு. போன்ல ரெண்டும் கிடையாது. அதனால இன்னைக்கு ஒரே ஒரு கால மட்டும் எடுத்துக்கலாம், பாத்ரூம் ரிப்பேர் வேலை எடுத்து செய்யற ஒரு கம்பெனி, அங்க வேலை பாக்கற மதாம் மார்த்தான கேட்டு ஒரு அம்மா போன் பண்றாங்க, மதாம் மார்த்தான் சீட்ல இல்ல. போன எடுக்கப்போறது நீங்க.

1. எடுக்கறது

"அலோ?" வேணாம். அது வீட்டுக்கு, செல்போனுக்கு. ஆபீஸ்ல கம்பெனி பேர சொல்லி உடனே "போன்ஜூர்", அப்புறம் "ஜெ வூ ஸெகூத்" (சொல்லுங்க, கேக்கறேன்). அவ்ளோதான். இதுல போன்ஜூர் தான் உயிர், அத விட்டுட்டு நேரா விஷயத்துக்கு போனா அங்க நெஜமாவே மரியாதை இல்லாத ஆள்னு நெனைப்பாங்க. அதே ஆள் அன்னைக்கே ரெண்டாவது தடவை கூப்பிட்டா மறுபடி போன்ஜூர் சொல்ல மாட்டாங்க, "ரபோன்ஜூர்"னு சிரிச்சுட்டே சொல்வாங்க.

அந்தம்மா: "போன்ஜூர், மதாம் மார்த்தான் கூட பேசணும்"னு சொல்றாங்க. யாருன்னு கேக்கணும். "கி எஸ்?" (யாரு?)ன்னு கேட்டா போலீஸ் கேக்கற மாதிரி இருக்கும். "ஸே த லா பார் த கி?" இதான் ஆபீஸ் வாக்கியம், யார் பேசறதா சொல்லட்டும்னு அர்த்தம். எதுக்குன்னு கேக்க "ஸே தா கெல் ஸ்யூஜே?". என்ன ஆனாலும் "வூ" தான், "த்யூ"ங்கறது நம்ம ஊர்ல தெரியாத ஆள நீன்னு கூப்பிடற மாதிரி.

பேர் கேட்டதும் "ந கித்தே பா" சொல்லுங்க. வார்த்தைக்கு வார்த்தை பாத்தா "போயிடாதீங்க", நம்ம "லைன்ல இருங்க". மதாம் மார்த்தான் இருந்திருந்தா "ஜெ வூ லா பாஸ்"னு லைன மாத்தி விட்டிருக்கலாம் (ஆம்பளையா இருந்தா "லா" இல்ல, "ல"). இல்லாததால "எல் எத் ஆன் ரான்தேவூ", யாரையோ பாத்துட்டு இருக்காங்கன்னு சொல்லிட்டு அடுத்த மூச்சுலயே "வூ வூலே லெஸே அன் மெஸாஜ்?"னு கேட்டுடுங்க. வெறும் "இல்ல"ன்னு மட்டும் சொல்லி நிறுத்துனா கதவ சாத்துன மாதிரி ஆயிடும்.

2. பேர எழுத்தெழுத்தா வாங்கறது

இங்க தான் நான் மாட்டுனேன். அந்தம்மா பேரு "ஜிலே". ஒரே சத்தத்துக்கு GILLET, GILET, GILLAIS எல்லாம் எழுதலாம், பிரெஞ்சுக்காரங்களே கேட்டுத்தான் எழுதுவாங்க, அதனால கூச்சப்படாதீங்க: "வூ பூவே எப்லே, ஸில் வூ ப்லே?"

அவங்க சொன்னது என் காதுல விழுந்தது இப்படி: "ஜே, இ, தே எல், அ, தே".

நம்ம காது இங்கிலீஷ் காது. "ஜே"ன்னதும் கை J எழுதிடும், "இ"ன்னதும் E எழுதிடும். பிரெஞ்சுல எல்லாம் தலைகீழ். G-க்கு "ஜே", J-க்கு "ஜி". E-க்கு வாய அரைகுறையா தொறந்த ஒரு "அ", I-க்கு "இ". நடுவுல வந்தது "தே" இல்ல, "த(ர்)" மாதிரி சின்ன சத்தம், அது "ரெண்டு"ங்கற வார்த்தை. ரெண்டு L-னு அர்த்தம். நான் அத D-ன்னு நெனைச்சு, JEDLET-னு எழுதி அன்னைக்கு மேசைல வெச்சேன், மேடம் அத கையில வெச்சுட்டு இது எந்த நாட்டு பேருன்னு கேட்டாங்க. சரியானது: G, I, LL, E, T.

G, J, E, I இந்த நாலு எழுத்த மட்டும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிக்கோங்க, மத்த எழுத்தெல்லாம் தானா பழகிடும். H "ஆஷ்", Y "இ கிரெக்", W "தூப்ல வே", இதெல்லாம் ஒரு தடவை கேட்டாலே மனசுல நிக்கும். பேர் நடுவுல "த்ரே தூனியோன்"னு வந்தா சின்ன கோடு, எழுத்தோட "அக்ஸான் தேகூ" வந்தா É-ல இருக்கற மாதிரி மேல சாய்ஞ்ச கோடு.

M, N ரெண்டும் போன்ல ஒண்ணா கேக்கும். அதுக்கு அவங்க "எம் கோம் மார்ஸெல், என் கோம் நிக்கோலா"ன்னு ஆள் பேர் வெச்சு சொல்வாங்க, B-க்கு பெர்த், P-க்கு பியேர். நீங்களும் அதே மாதிரி திருப்பி கேக்கலாம். எங்க வீட்டு பேர யாருக்காவது சொல்லணும்னா இத வெச்சுத்தான் சொல்றேன், பதினாலு எழுத்து, ஒரு பஸ் நெறைய ஆளுங்க இறங்கற மாதிரி இருக்கும்.

3. நம்பர்

பிரான்ஸ்ல நம்பர் பத்து இலக்கம், ரெண்டு ரெண்டா சொல்வாங்க. மதாம் ஜிலே சொன்னதா வெச்சுக்கோங்க:

06 39 98 72 94

(06 39 98-ல ஆரம்பிக்கறது சினிமா, சீரியலுக்குன்னு ஒதுக்கி வெச்சது, அடிச்சு பாக்காதீங்க.)

கடைசி மூணு ஜோடி தான் பொறி. 72-ங்கறது "ஸ்வாஸான்த் தூஸ்", அதாவது அறுபதும் பன்னெண்டும். "ஸ்வாஸான்த்"னு காதுல விழுந்ததும் 6-னு எழுத ஆரம்பிச்சுட்டீங்கன்னா போச்சு. 94 "காத்ர வான் காதோர்ஸ்", நாலு இருபதும் பதினாலும். 98-ம் அதே குடும்பம். சொல்லி முடிக்கற வரைக்கும் பேனாவ தூக்கியே வெச்சிருங்க, ஜோடி முழுசா வந்தப்புறம் எழுதுங்க. எழுதி முடிச்சு எண்ணி பாருங்க, பன்னெண்டு இலக்கம் வந்திருந்தா 72-வ 60 12-னு பிரிச்சு எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம். 72-வ 62-னு எழுதிட்டா எண்ணிப் பாத்தாலும் மாட்டாது, அதுக்கு "ஜெ ரெபேத்"னு சொல்லி நீங்களே முழுசா திருப்பி படிக்கறது ஒண்ணு தான் வழி.

புரியலைன்னா "க்வா?" (என்ன?) வேணாம். "பார்தோன், ஜெ நே பா பியன் ஆன்தான்தூ", சரியா காதுல விழலன்னு அர்த்தம், லைன் மேல பழிய போட்டுடலாம்.

சீட்டுல எழுத வேண்டியது: யாருக்கு, யார், நம்பர், எதப்பத்தி, எப்போ கூப்பிட்டாங்க. மதாம் ஜிலே கேட்டது "தவி" பத்தி, அதான் கொட்டேஷன். "அவான் ஸேஸ் ஏர்" திருப்பி கூப்பிட சொன்னாங்க, நாலு மணிக்கு முன்னாடி. ஆபீஸ்ல இருபத்திநாலு மணி கணக்கு, "ஸேஸ்" பதினாறு, அத ஆறுன்னு எழுதிடாதீங்க.

4. வெக்கறது

"ஸே நோத்தே" (எழுதிக்கிட்டேன்), "ஜெ லுயி த்ரான்ஸ்மே ல மெஸாஜ்" (அவங்ககிட்ட சொல்லிடறேன்). அப்புறம் "எல் வூ ரப்பெல் தே க பொஸீப்ல்", முடிஞ்ச சீக்கிரம் கூப்பிடுவாங்கன்னு. "தான் லா ஜூர்னே"ன்னு வாய விட்டுடாதீங்க, அது இன்னைக்குள்ளன்னு வாக்கு குடுத்த மாதிரி, அஞ்சு மணிக்கு அந்தம்மா மறுபடி உங்ககிட்ட தான் கேப்பாங்க.

நம்ம "சரி, வெச்சுடறேன்"னு சொல்லி முடிப்போம்ல, அங்க அதுக்கு பதிலா ஒரு வரிசை இருக்கு, அவங்க "மெர்ஸி" சொன்னா நீங்க "ஜெ வூ ஸான் ப்ரீ", அப்புறம் "போன் ஜூர்னே" (சாயங்காலம் ஆச்சுன்னா "போன் ஸ்வாரே"), அதுக்கு அவங்க "மெர்ஸி, வூ ஸோஸி", கடைசியா ரெண்டு பேரும் "ஓ ர்வார்". அவங்க ஓ ர்வார் காதுல விழுந்தப்புறம் தான் ரிசீவர கீழ வைங்க.