பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பஸ்: முன்பதிவு அறிவிப்பை எழுதுவது எப்படி?

டிராவல்ஸ் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதலில் கொடுக்கும் வேலைகளில் ஒன்று, பண்டிகைக் கால முன்பதிவு அறிவிப்பைத் தட்டச்சு செய்வது. பெரும்பாலும் போன வருஷ அறிவிப்பை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிவிடுவார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கும். நான் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் கற்றுக்கொண்டதை வைத்து, ஒரே ஒரு பஸ்ஸுக்கு அறிவிப்பை எழுதிக் காட்டுகிறேன்.

பஸ் இதுதான்: சென்னையிலிருந்து திருநெல்வேலி, ஏசி ஸ்லீப்பர், போகிக்கு முந்தைய இரவு, 2027 ஜனவரி 13, புதன்கிழமை. போரூர் சுங்கச்சாவடியில் இரவு 11.15-க்குக் கிளம்பி, கிளாம்பாக்கத்துக்கு 12.15-க்கு வருகிறது. கட்டணமும், ரத்து செய்தால் பிடிக்கும் கழிவும் நான் உதாரணத்துக்காகப் போட்டவை.

படி 1: தேதியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

மேலே சொன்ன பஸ்ஸைக் கவனியுங்கள். போரூரில் ஏறுபவருக்குத் தேதி 13. கிளாம்பாக்கத்தில் ஏறுபவருக்கு நள்ளிரவு தாண்டிவிட்டதால் தேதி 14. ஒரே பஸ், ஒரே இரவு, இரண்டு தேதி.

நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு பஸ்ஸுக்கு "14-ம் தேதி இரவு 12.15" என்று அறிவிப்பு போனது. கணினியைக் கேட்டால் அது சரிதான். ஆனால் நம் ஊரில் "14-ம் தேதி இரவு" என்றால் 14-ம் தேதி பகல் முடிந்து வருகிற இரவு. ஒரு குடும்பம் அப்படியே புரிந்துகொண்டு, இரண்டு குழந்தைகள், மூன்று பைகளோடு மறுநாள் இரவு வந்து நின்றது. அவர்கள் ஏறவேண்டிய பஸ் அன்று காலையே திருநெல்வேலி போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் பொங்கல், எந்த பஸ்ஸிலும் சீட் இல்லை. அவர்கள் மேல் என்ன தப்பு சொல்ல முடியும்?

ஆகவே நள்ளிரவைத் தாண்டும் நேரத்துக்குத் தேதி மட்டும் போதாது. எந்தக் கிழமை இரவு வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்பதையும் எழுதுங்கள்: "13-ம் தேதி புதன் இரவு கிளம்பி வரவும்; பஸ் நள்ளிரவு 12.15-க்கு (14 பிறந்ததும்)." நீளமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

படி 2: ஏறும் இடங்கள்

ஊர்ப் பெயர் ஏறும் இடம் ஆகாது. "போரூர்" என்று மட்டும் எழுதினால் ஒருவர் போரூர் ரவுண்டானாவில் நிற்பார், இன்னொருவர் பைபாஸ் சுங்கச்சாவடியில் நிற்பார். கிளாம்பாக்கம் பெரிய வளாகம். அரசு பஸ்கள் நிற்கும் பகுதி வேறு, ஆம்னி பஸ்கள் நிற்கும் பகுதி வேறு. எந்தப் பகுதி என்று சொல்லுங்கள். சாலையோரம் நிற்கும் இடமாக இருந்தால் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். "தாம்பரம் நோக்கிப் போகும் பக்கம்" என்ற மூன்று, நான்கு வார்த்தை, மூட்டை முடிச்சோடு ரோட்டைக் குறுக்கே கடக்கும் வேலையை மிச்சப்படுத்தும்.

நேரமும் இரண்டு தேவை: பயணி வந்து நிற்கவேண்டிய நேரம், பஸ் கிளம்பும் நேரம். ஒன்றை மட்டும் போட்டால் மக்கள் அதைத் தங்களுக்கு வசதியான நேரமாக எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான்.

படி 3: கட்டணம்

"முதல்" என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். "ரூ.1,200 முதல்" என்று போட்டால், கடைசி வரிசை மேல் பெர்த் ஒன்றுக்குத்தான் அந்த விலை என்பது கவுண்டருக்கு வந்த பிறகே தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

பெர்த் வாரியாக, கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை எழுதுங்கள். அப்பர் பெர்த் 1,600 ரூபாய், ஏசி பஸ்ஸுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 80 ரூபாய், ஆக 1,680. அறிவிப்பில் 1,680 என்றே இருக்கட்டும். மதுரையில் இறங்கினாலும் முழுக் கட்டணம்தான் என்றால் அதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். இறங்கும்போது சொன்னால் சண்டைதான்.

படி 4: ரத்து

வழக்கமாக "புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் 15 சதவீதம் கழிவு, அதற்குப் பின் 50 சதவீதம்" என்று எழுதுவார்கள். தெளிவாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் எங்கிருந்து புறப்படுவதற்கு?

கிளாம்பாக்கத்தில் ஏறவேண்டியவர் 11-ம் தேதி இரவு 11.40-க்கு ரத்து செய்கிறார் என்று வையுங்கள். அவர் ஏறும் நேரமான 12.15-லிருந்து பின்னோக்கி எண்ணினால் 48 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. 252 ரூபாய் கழித்து 1,428 திரும்ப வரும் என்று நினைக்கிறார். ஆபீஸோ போரூரில் கிளம்பும் 11.15-லிருந்து எண்ணி, 25 நிமிஷம் தாண்டிவிட்டது என்று 840 மட்டும் தருகிறது. வித்தியாசம் 588 ரூபாய். இரண்டு பேர் கணக்கும் அறிவிப்பின்படி சரி என்பதுதான் கொடுமை.

இதற்கு ஒரே வழி, மணி நேரக் கணக்கைப் பயணியிடம் விடாமல் நாமே கணக்குப் போட்டு, கிழமையும் மணியுமாக எழுதிவிடுவது. ஏறும் இடம் எதுவானாலும் ஒரே நேரம்.

பஸ்ஸை நாமே ரத்து செய்தால் என்ன என்பதையும் எழுதுங்கள். பல அறிவிப்புகளில் பயணிக்கான விதி மட்டும் இருக்கும், நமக்கான விதி இருக்காது. ஏசி பழுதாகி வேறு பஸ் விட்டால் வித்தியாசத் தொகை திரும்ப உண்டா என்பதும் இதில் சேரும். முதலாளியிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சேர்த்து எழுதுவது

> சென்னை – திருநெல்வேலி, ஏசி ஸ்லீப்பர்
> 2027 ஜனவரி 13, புதன் இரவு
>
> ஏறும் இடம்
> போரூர் சுங்கச்சாவடி, தாம்பரம் நோக்கிப் போகும் பக்கம்: புதன் இரவு 10.45-க்கு வரவும், பஸ் 11.15-க்கு.
> கிளாம்பாக்கம், ஆம்னி பஸ் பகுதி: புதன் இரவு 11.45-க்கு வரவும், பஸ் நள்ளிரவு 12.15-க்கு (14 பிறந்ததும்).
>
> கட்டணம், ஜிஎஸ்டி உட்பட
> லோயர் ரூ.1,785. அப்பர் ரூ.1,680. வழியில் எங்கு இறங்கினாலும் இதே கட்டணம்.
>
> ரத்து செய்தால்
> 11-ம் தேதி திங்கள் இரவு 11 மணி வரை: 15% கழிவு.
> 12-ம் தேதி செவ்வாய் இரவு 11 மணி வரை: 50% கழிவு.
> அதற்குப் பின், அல்லது பஸ்ஸைத் தவறவிட்டால்: பணம் திரும்பத் தரப்படாது.
> நாங்கள் பஸ்ஸை ரத்து செய்தால்: முழுப் பணமும், கட்டிய வழியிலேயே திரும்ப வரும்.

ஆன்லைன் செயலி வழியாகவும் டிக்கெட் விற்றால், அந்தச் செயலியின் சேவைக் கட்டணம் இதில் சேராது என்று ஒரு வரி கூட்டிக்கொள்ளுங்கள்.

அச்சுக்கோ வாட்ஸ்அப்புக்கோ போகும் முன், ஆபீஸில் டீ கொண்டுவருபவரிடம் இதைக் கொடுத்து, "கிளாம்பாக்கத்தில் ஏற நீங்கள் என்று இரவு கிளம்புவீர்கள்?" என்று கேளுங்கள். புதன் என்று யோசிக்காமல் சொன்னால் அனுப்பலாம். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தால், படி 1-க்குத் திரும்புங்கள்.