கிரிப்பர் அவசரப்படுவது ஏன்? ஏர் சிலிண்டருக்கு வால்வும் ரீடு சுவிட்சும் பொருத்தும் முறை

வாளையாற்றுக்கு அப்பால், கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு சிறு பட்டறையில், தட்டில் அடுக்கிய அலுமினிய புஷ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்வேயரில் வைக்கும் அமைப்பைச் செய்து கொடுத்தேன். பக்கவாட்டில் நகரும் சிலிண்டர் முதல் நாளே ஒழுங்காக ஓடியது; கிரிப்பரைச் சுமந்து மேலும் கீழும் போகும் சிலிண்டர் இரண்டு நாள் என்னைப் படுத்தியது. ஆகவே அதை மட்டும் இங்கே விளக்குகிறேன். டியூபை நேராக வெட்டிச் செருகுவது போன்றவை தெரிந்தவை என்றே கொள்கிறேன்.

சிலிண்டர் 25 மி.மீ. போர், 100 மி.மீ. ஸ்ட்ரோக், 10 மி.மீ. ராடு. 6 பார் அழுத்தத்தில் இது தள்ளும் விசை சுமார் 295 நியூட்டன். ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் இழுக்கும் விசை சுமார் 247 நியூட்டன்தான். ராடு கீழ்நோக்கி இருக்கும்போது பொருளைத் தூக்குவது இந்த இரண்டாவது விசையே. வாங்கும்போது பிஸ்டனில் காந்தம் உள்ள வகையா என்று கேட்டு வாங்குங்கள். காந்தம் இல்லாவிட்டால், பிஸ்டன் வந்து சேர்ந்ததைக் காட்டும் ரீடு சுவிட்சின் விளக்கு எரியவே எரியாது.

முதலில் காற்று இணைப்பு. ஒரே காயில் கொண்ட, ஸ்பிரிங்கால் திரும்பும் 5/2 வால்வில் 1-ஆம் துளைக்குக் காற்று வரும். 2-ஆம் துளையை ராடு பக்கத்துக்கும், 4-ஆம் துளையைப் பின்பக்கத்துக்கும் இணைக்க வேண்டும். காயிலில் மின்சாரம் இல்லாதபோது காற்று 2 வழியே போவதால், மின்சாரம் போனாலும் ராடு மேலேறி நிற்கும். கிரிப்பருக்கு மட்டும் நான் இரட்டைக் காயில் வால்வையே விரும்புவேன். மின்சாரம் போனாலும் அது இருந்த நிலையிலேயே நின்று, பிடித்த பொருளை நழுவவிடாது.

வேகத்தைக் குறைக்கும் ஃப்ளோ கண்ட்ரோல், சிலிண்டரிலிருந்து வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்தும் வகையாக இருக்கட்டும். ஆனால் காலையில் முதன்முதலாகக் காற்றைத் திறக்கும்போது எதிர்ப்பக்கம் வெறுமையாக இருப்பதால் ராடு விசுக்கென்று மேலே பாயும். அப்போது கையை விலக்கி வையுங்கள். மின்கம்பி இணைக்கும் முன்பு, வால்வில் உள்ள கைச்சோதனைத் திருகை அழுத்தி இரு திசை அசைவையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து ரீடு சுவிட்ச். இரண்டு கம்பி வகையில் பழுப்புக் கம்பி 24 வோல்ட்டுக்கும், நீலக் கம்பி பி.எல்.சி. உள்ளீட்டுக்கும் செல்லும், அந்த உள்ளீட்டின் பொதுமுனை 0 வோல்ட்டில் இருக்க வேண்டும். இடையில் எந்தச் சுமையும் இல்லாமல் நேரடியாக 24 வோல்ட்டுக்கும் 0-க்கும் குறுக்கே இணைத்துச் சோதித்தால் உள்ளே உள்ள தொடுமுனை கருகிவிடும்.

என்னைத் தடுமாற வைத்தது இதைப் பொருத்திய இடம். ராடைக் கீழே முழுதாக இறக்கிவிட்டு, சுவிட்சைச் சிலிண்டரின் நடுவிலிருந்து கீழ்நோக்கி நகர்த்தி, விளக்கு எரிந்த கணமே திருகை இறுக்கிவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் கிரிப்பர் புஷ்ஷைத் தொடும் முன்பே வெற்று வெளியில் மூடிக்கொண்டது. "சேட்டா, லைட்டு எரியுதே, அப்புறம் ஏன் பிடிக்க மாட்டேங்குது?" என்று ஆபரேட்டர் கேட்டார். பிழை அந்த விளக்கிலேயே இருந்தது.

சுவிட்ச் ஒரு புள்ளியில் எரிவதில்லை. என்னுடையதில் காந்தம் ஏறக்குறைய 8 மி.மீ. நகரும் தூரம் முழுக்க எரிந்தது. நான் இறுக்கிய இடத்தில் அந்த எல்லையின் கடைசி விளிம்பில்தான் பிஸ்டன் நின்றது. ஆகவே ராடு நிற்க இன்னும் 8 மி.மீ. இருக்கும்போதே சைகை வந்தது. அதிர்ச்சியில் சில வேளை அணைந்தும் போனது. சரியான முறை இது: விளக்கு எரிந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள், அதே திசையில் மேலும் நகர்த்தி, அணையும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள், இரண்டுக்கும் நடுவே இறுக்குங்கள். இப்படி வைத்தாலும் சைகை சுமார் 4 மி.மீ. முன்கூட்டியே வரும். குஷன் உள்ள சிலிண்டர் கடைசியில் மெதுவாகப் போவதால் அந்தத் தூரத்துக்கு நேரமும் கூடும். அதை ஒரு டைமரால் ஈடுகட்டினேன்:

```
T1(IN := S_Down AND (Step = 2), PT := T#100MS);
IF T1.Q THEN Grip_Close := TRUE; END_IF;
```

100 மில்லி செகண்ட் என் வேகத்துக்குப் போதுமானது. ஃப்ளோ கண்ட்ரோலைத் திருகினால் இதையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: நான்கு சிலிண்டர்களின் ரீடு சுவிட்சுகளைத் தொடராக இணைத்து ஒரே உள்ளீட்டுக்குக் கொடுத்த வாசகர் ஒருவர், எல்லா விளக்கும் எரிந்தும் பி.எல்.சி. ஏற்கவில்லை என்று எழுதியிருந்தார். விளக்குள்ள சுவிட்ச் ஒவ்வொன்றும் சுமார் 2.5 வோல்ட்டை விழுங்கினால், நான்கைத் தாண்டி எஞ்சுவது 14 வோல்ட். பெரும்பாலான 24 வோல்ட் உள்ளீடுகளுக்கு 15 வோல்ட்டாவது வேண்டும். ஒவ்வொன்றையும் தனி உள்ளீட்டில் கொடுத்து, நிரலில் AND போட்டதும் அவருடைய அமைப்பு ஓடத் தொடங்கியது.