மணிக்கு 577 அல்ல, 1,200 ரூபாய்

டிசைன் வேலையைத் தனியாகச் செய்யத் தொடங்கியபோது, மாதம் ஒரு லட்சம் கையில் நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. வருடம் 12 லட்சத்தை, வாரம் 40 மணி வீதம் 52 வாரத்துக்கு வரும் 2,080 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 577 ரூபாய். சம்பளக்காரருக்கு அது சரி.

சில வாரங்கள் செய்ததையெல்லாம் ஷீட்டில் குறித்தேன். கொட்டேஷன், கிளையன்ட் போன், இன்வாய்ஸ், "பேமென்ட் எப்போது வரும் சார்?" என்ற நினைவூட்டல் எல்லாம் போக, எட்டு மணி நேரத்தில் காசு வரும் நேரம் ஐந்துதான். சனி, ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல், ஊர்ப் பயணம் கழித்தால் வருடத்தில் 230 நாள். ஆக, 1,150 மணி நேரம்.

அப்புறம் செலவு. ஒரு லட்ச ரூபாய் லேப்டாப் நான்கு வருடம் ஓடும், வருடத்துக்கு 25,000. மென்பொருள், இணையம், இன்வெர்ட்டருக்கு 50,000. புதிய வரிமுறையில் 2025-26 விகிதப்படி வரி சுமார் 75,000. கிளையன்ட் பிடிக்கும் 10% டிடிஎஸ் தனிச் செலவல்ல; அது இந்த வரியில் கழியும், மிஞ்சியது ரீஃபண்டாக வரும்.

```
(12,00,000 + 75,000 + 75,000) / 1,150 = 1,174
```

1,200 என்று வைத்தேன். பழைய கிளையன்ட் ஒருவர் முகம் சுளித்தார். அவருக்கு வேலையைக் குறைத்துக் கொடுத்தேன், விலையை அல்ல. காசு வரும் நேரம் நான்காகக் குறைந்தால் இதே கணக்கு 1,467 காட்டும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷீட்டைத் திரும்பப் பார்க்கிறேன்.