பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன்

விடுப்பில் ஊருக்கு வந்து பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பதிவு நாளன்று காலையில்தான் அதைப் படிக்கிறார்கள். வரைவை இரண்டு நாள் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். பதிவான பிறகு பிழை தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். அதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டும், நீங்களோ அதற்குள் விமானம் ஏறியிருப்பீர்கள்.

முதலில் பெயர். பாஸ்போர்ட்டில் 'கந்தசாமி முருகேசன்', பழைய கிரயப் பத்திரத்தில் 'க. முருகேசன்', பட்டாவில் 'முருகேசன்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு மூவரும் ஒருவரே. பிற்பாடு ஆவணத்தைப் பார்க்கும் வங்கிக்கு அப்படித் தெரியாது. அதனால் முதல் பத்தியிலேயே, பாஸ்போர்ட்டில் இன்ன பெயரிலும் இன்ன எண்ணுள்ள கிரயப் பத்திரத்தில் இன்ன பெயரிலும் குறிக்கப்படுபவர் ஒரே நபர் என்று எழுதச் சொல்லுங்கள். அதன்பின் கடைசிப் பக்கம் வரை ஒரே வடிவம்தான் வர வேண்டும். உங்கள் சார்பில் செயல்படப்போகும் முகவரின் பெயருக்கும், அவருடைய அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதையே செய்யுங்கள்.

அப்புறம் இருவரையும் குறிக்கும் சொற்கள். பழைய மாதிரியிலிருந்து எடுத்து எழுதும்போது, அதிகாரம் கொடுக்கும் உங்களையே முதல் பக்கத்தில் 'முதல்வர்', மூன்றாம் பக்கத்தில் 'எழுதிக் கொடுப்பவர்', நடுவில் 'நான்' என்று கலந்துவிடும். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள். 'தன்', 'அவர்' வரும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். 'முகவர் வாடகையை வசூலித்துத் தன் வங்கிக் கணக்கில் செலுத்தலாம்' என்ற வரியைப் பாருங்கள். உங்கள் கணக்கு என்று நீங்கள் நினைப்பீர்கள். தமிழ் இலக்கணப்படி 'தன்' என்பது முகவரைத்தான் குறிக்கும். அந்த இடத்தில் 'முதல்வரின் வங்கிக் கணக்கில்' என்று மாற்றி, கணக்கு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். இப்படி ஒவ்வொரு 'தன்', 'அவர்' மீதும் வட்டமிட்டு, அங்கே ஆளின் பெயரை வைத்து வாய்விட்டுப் படித்தால் கோளாறு உடனே காதில் விழும்.

அதிகாரத்தைச் சொல்லும் பத்தியில் வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் தனியே எழுதிப் பாருங்கள்: நிர்வகிக்க, வாடகைக்கு விட, வழக்கு நடத்த, அடமானம் வைக்க, கிரயம் செய்ய. வாடகை வசூலுக்காக மட்டும் எழுதும் பத்திரத்தில் கடைசி இரண்டும் மாதிரியோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அடித்துவிடுங்கள். 'விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரமில்லை' என்று ஒரு வரியும் சேருங்கள். விற்பதுதான் நோக்கம் என்றால் 'கிரயம் செய்ய' என்று மட்டும் இருந்தால் போதாது. தொகையைப் பெற்று ரசீது கொடுக்க, பத்திரத்தில் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் பதிவுக்குத் தாக்கல் செய்ய என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். 'இது சம்பந்தமான சகல காரியங்களும்' என்ற வரி இந்த விடுபாடுகளை நிரப்பாது. நீதிமன்றங்கள் அதிகாரப் பத்திரத்தைச் சுருக்கியே பொருள்கொள்கின்றன. பொதுச்சொல்லை முன்னால் சொன்ன குறிப்பிட்ட காரியங்களுக்குள் அடக்கித்தான் படிக்கும்.

சொத்து விவரத்தில் சர்வே எண்ணையும் பரப்பையும் தாய்ப் பத்திரத்தோடு ஒப்பிட்ட பிறகு, திருத்திய வரைவை மறுபடி அச்செடுத்து முழுவதும் ஒருமுறை படியுங்கள்.