பத்திரத்தில் ‘கிழக்கு’ என்றால் எந்தப் பக்கம்?

ஊரில் அப்பா வாங்கிப்போட்ட இடத்தைப் பார்க்கப் போகிறீர்களா? பத்திரத்தின் சொத்து விவரத்தை முதலில் நிதானமாகப் படியுங்கள். நான் படித்த லட்சணத்தில் பத்து நாள் லீவில் ஆறு நாள் போய்விட்டது.

எங்கள் 1974 பத்திரத்தில் இப்படி இருந்தது: ‘வண்டிப்பாதைக்கு கிழக்கு, பெரியப்பா நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்கு தெற்கு, கோயில் நந்தவனத்துக்கு வடக்கு, இந்நான்கெல்லைக்குள்பட்டது.’ கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே வாய்க்கால் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் இடம் பாதையின் மேற்குப் பக்கம். அங்கே சித்தப்பாவின் தென்னைகள் நின்றன. தெற்கே வாய்க்காலையே காணோம். தூர்த்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, சித்தப்பாவிடம் கத்திவிட்டேன். அப்புறம் ஒரு அலுவலகத்தில் நகல் கேட்டு மூன்று நாள் நின்றேன். ‘நாளைக்கு வாங்க’ என்பதே பதில்.

கடைசியில் ஒரு பத்திர எழுத்தர்தான் ‘க்கு’ என்ற எழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். ‘பாதைக்கு கிழக்கு’ என்றால் பாதையிலிருந்து கிழக்கே நம் இடம். ஆக, பாதை நமக்கு மேற்கு எல்லை, வாய்க்கால் வடக்கு எல்லை. எல்லாமே நேர்மாறு. ‘கிழக்கில் பாதை’ அல்லது ‘கிழக்கு: பாதை’ என்று எழுதியிருந்தால்தான் நான் நினைத்தது சரி. வில்லங்கச் சான்றில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான் வரும். அதனால் இரண்டையும் கலந்து படித்தால் குழப்பம்தான்.

ஒரு சோதனை உண்டு. பக்கத்து நிலத்தின் பத்திரத்தைப் பாருங்கள். நம்முடையதில் ‘பெரியப்பா நிலத்துக்கு மேற்கு’ என்றிருந்தால், அவருடையதில் ‘நம் நிலத்துக்கு கிழக்கு’ என்று இருக்க வேண்டும். பெயர்கள் கைமாறியிருக்கும். பாதை, வாய்க்கால் போன்றவை மாறுவது குறைவு, சர்வே எண்ணுக்கான புலப்படத்திலும் அவை தெரியலாம். அதை eservices.tn.gov.in தளத்தில் எடுக்கலாம்.

அளவிலும் கவனம் வேண்டும். ‘கீழ்புறம்’ என்பது கிழக்குப்புறம், ‘மேல்புறம்’ மேற்கு. எங்களுடையது கிழமேல் வடபுறம் 42 அடி, தென்புறம் 40 அடி, தென்வடல் இருபுறமும் 53 அடி. சராசரி 41-ஐ 53-ஆல் பெருக்கினால் 2173 சதுர அடி. பத்திரம் சொல்லும் 5 சென்ட் என்பது 2178. அளவு பொருந்துகிறது, ஆனால் இடம் எங்கே என்பதை அது சொல்லாது. அதை எல்லைதான் சொல்லும்.

மறுநாள் சித்தப்பாதான் என்னைக் கூட்டிப்போய் பாதையின் கிழக்கே நிறுத்தினார். வடக்கே வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ‘உங்கப்பா வருஷா வருஷம் வரப்பு வெட்டச் சொல்லிப் பணம் அனுப்புவாரு, நான்தான் வெட்டுறேன்’ என்றார். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. நான் ஒரு பைசா அனுப்பியதில்லை.