பேசி முடித்த பிறகு அனுப்பும் ஃபீட்பேக் மெயில்: எங்கே தவறுகிறோம்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களை ஆரம்பம் முதல் கடைசி வரை பின்தொடரும் மெர்ச்சண்டைசிங் டீமைப் பார்த்துக்கொண்டபோது, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கோபத்தோடு உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன். டீமில் இருந்த இளம் மெர்ச்சண்டைசருக்கு. அனுப்பவில்லை, டிராஃப்டிலேயே கிடந்தது. மறுநாள் காலை அவரோடு இருபது நிமிடம் பேசிய பிறகு அந்த டிராஃப்டைத் திறந்து பார்த்தால், அதில் பாதி விஷயம் தப்பு. ஃபீட்பேக் மெயிலில் என்னென்ன செய்யக் கூடாது என்று சொல்ல எனக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது, அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். ஒரு ஆர்டரில் மூன்று கலர். துணியை மொத்தமாகச் சாயம் போடும் முன், டையிங் யூனிட்டில் சின்னத் துண்டில் கலர் போட்டு பையருக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், அதுதான் லேப் டிப். இரண்டு கலர் ஓகே ஆகிவிட்டது. நேவி மட்டும் ரிஜெக்ட். பையர் சார்பில் வேலையைப் பார்க்கும் பையிங் ஆபீஸிலிருந்து அந்த கமெண்ட் 9ஆம் தேதி திங்கள் காலை 10.40க்கு மெயிலில் வந்தது. டையிங்குக்கு அது போய்ச் சேர்ந்தது 12ஆம் தேதி வியாழன் சாயங்காலம். நடுவில் 11ஆம் தேதி புதன்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் நான் கேட்டபோது, "லேப் டிப் ஓடிக்கிட்டு இருக்கு சார்" என்று அவர் சொன்னார். வெள்ளிக்கிழமை பையிங் ஆபீஸே "மறுபடி எப்போ கொடுப்பீங்க" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. புது டிப் போட டையிங்குக்கு நான்கு வேலை நாள் வேண்டும். திங்கட்கிழமையே போயிருந்தால் 13ஆம் தேதி கையில் இருந்திருக்கும். வியாழன் போனதால் 17, அதற்கு மேல் பையர் ஒப்புதலும் வர வேண்டும். பல்க் டையிங்குக்கு 18ஆம் தேதி பிடித்து வைத்திருந்த இடம் போய்விட்டது, அடுத்தது 23. ஏற்றுமதித் தேதியை ஐந்து நாள் தள்ளித் தரச் சொல்லி பையரிடம் கேட்க வேண்டி வந்தது.

என் வெள்ளிக்கிழமை டிராஃப்டில் இருந்த வாக்கியங்கள்: "நீங்கள் வேலையில் அக்கறை காட்டுவதில்லை." "மீட்டிங்கில் உண்மையை மறைத்தீர்கள்." "இனிமேல் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும்."

முதல் தவறு இங்கேயே இருக்கிறது. அக்கறை, பொறுப்பு, உண்மையை மறைத்தல் என்று இதில் எதுவுமே நான் கண்ணால் பார்த்தது இல்லை, பார்த்ததிலிருந்து நானாகப் போட்ட முடிச்சு. நடத்தை என்றால் மெயில் பெட்டியிலோ வேலை நிலவரம் ஏற்றும் ஷீட்டிலோ மீட்டிங்கில் இருந்த மற்றவர்கள் காதிலோ பதிவானது. என்னைப் பிடிக்காத ஒருவர் படித்தாலும் "ஆமா, இது நடந்தது" என்று ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். "11ஆம் தேதி மீட்டிங்கில் நேவி ரிஜெக்ட் ஆனதைச் சொல்லவில்லை" என்பது அப்படிப்பட்ட வாக்கியம். "அக்கறை இல்லை" என்பதற்கு அவர் பதில் சொல்ல முடியாது, சண்டைதான் போட முடியும்.

இது வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. க்ளூகர், டினிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் அதுவரை வந்த ஃபீட்பேக் ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக ஃபீட்பேக் உதவத்தான் செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அதற்குப் பிறகு வேலை இன்னும் மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டுவிட்டு எந்த அளவுக்கு ஆளின் மேல் திரும்புகிறதோ அந்த அளவுக்குப் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்று படிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் யோசிப்பார், நேவி டிப்பைப் பற்றி அல்ல.

இரண்டாவது தவறு, இதுதான் பெரியது: பேசுவதற்கு முன் மெயில் எழுதுவது. சனிக்கிழமை உட்கார்ந்து, "திங்கட்கிழமை கமெண்ட் வந்ததிலிருந்து என்ன ஆச்சு, வரிசையா சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னது: திங்கள் மதியமே டையிங் சூப்பர்வைசருக்குப் போன் செய்திருக்கிறார். அவரோ, "பையர் குறிப்பு எழுதித் திருப்பின அந்தத் துண்டு கையில வராம நான் ஆரம்பிக்க மாட்டேன், கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல பாத்து கலர் போட முடியாது" என்றிருக்கிறார். அது நியாயம்தான், எந்த டையிங்கிலும் அப்படித்தான் சொல்வார்கள். துண்டு பையிங் ஆபீஸில் இருந்தது. நம் ஆபீஸ் பையன் அந்த வாரம் லீவு. இவர் கையில் பதினான்கு ஆடை ஸ்டைல், வியாழன்தான் நேரில் போய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். புதன்கிழமை "ஓடிக்கிட்டு இருக்கு" என்றது, டையிங்கில் சொல்லியாகிவிட்டது என்ற அர்த்தத்தில்.

ஆக, நான் குற்றமாக எழுதி வைத்திருந்த மூன்று நாள் தாமதத்தில் பெரும்பகுதி நம் ஆபீஸ் ஏற்பாட்டின் ஓட்டை. அவர் நடத்தையில் மாற வேண்டியது வேறு, அதைவிடச் சின்னது, ஆனால் அதுதான் உண்மையான சேதத்தைச் செய்தது: வேலை சிக்கி நின்றபோது யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு வரி வந்திருந்தால் நானே வண்டியில் யாரையாவது அனுப்பியிருப்பேன், 18ஆம் தேதி இடம் கையை விட்டுப் போயிருக்காது. அதை அவரிடம் சொன்னபோது உடனே ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மெயில் போயிருந்தால் அவர் தாமதத்துக்குக் காரணம் சொல்வதிலேயே இறங்கியிருப்பார், இந்த விஷயம் பேச்சிலேயே வந்திருக்காது.

அதனால் நேரில் பேசாத எதுவும் மெயிலில் வரக் கூடாது. எழுதும்போது போன மாத விவகாரம் ஒன்று ஞாபகத்துக்கு வரும், "அதையும் சேர்த்துடலாமே" என்று கை துடிக்கும். சேர்க்காதீர்கள். முகத்துக்கு நேரே சொல்லாததை எழுத்தில் பார்க்கிறவர் அடுத்த முறை உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்.

சனிக்கிழமை மதியம் கடைசியில் போன மெயில் இது. எங்கள் ஆபீஸில் மெயில் இங்கிலீஷில்தான் போகும், இங்கே தமிழில் தருகிறேன். தலைப்பு: "நேவி லேப் டிப் – இன்று பேசியது".

> வணக்கம். காலையில் பேசியதை இருவருக்கும் ஞாபகத்துக்காக எழுதுகிறேன்.
>
> 9ஆம் தேதி காலை நேவி ரிஜெக்ட் கமெண்ட் வந்தது. அன்றே டையிங்குக்குப் போன் செய்தீர்கள். துண்டு நேரில் வேண்டும் என்றதால் வேலை நின்றது. 11ஆம் தேதி மீட்டிங்கில் லேப் டிப் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள், நேவி நின்றிருப்பதைச் சொல்லவில்லை. அதனால் 18ஆம் தேதி பல்க் டையிங் இடம் போய், ஏற்றுமதி ஐந்து நாள் தள்ளுகிறது. ஆபீஸ் பையன் இல்லாததும் ஒரு காரணம், அது என் பக்கம்.
>
> ஒத்துக்கொண்டது: ரிஜெக்ட் வந்த அன்றே மாலை 6 மணிக்குள் ஷீட்டில் ஏற்றி, மறுபடி எப்போது கொடுப்போம் என்ற தேதியையும் போடுவீர்கள். எந்த வேலையாவது ஒரு நாளுக்கு மேல் நின்றால் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவீர்கள். பையிங் ஆபீஸுக்குத் தினமும் 11 மணிக்கு ஆள் போக நான் திங்கள் முதல் ஏற்பாடு செய்கிறேன்.
>
> 28ஆம் தேதி சனிக்கிழமை 15 நிமிடம் ஷீட்டை வைத்துப் பார்ப்போம். இதில் ஏதாவது தவறாக எழுதியிருந்தால், அல்லது முடியாததாக இருந்தால், திங்கள் மாலைக்குள் பதில் போடுங்கள்.

இதன் முதல் பகுதி, அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற பயிற்சி நிறுவனம் சொல்லிக்கொடுக்கும் வரிசைதான்: சூழல், நடத்தை, விளைவு. அதோடு நின்றுவிட்டால் குற்றப்பத்திரிகை மாதிரி ஆகிவிடும். ஒத்துக்கொண்ட பகுதியில்தான் அடுத்த தவறு நடக்கிறது.

"கம்யூனிகேஷனை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதுவதைப் பல மெயில்களில் பார்த்திருக்கிறேன். 28ஆம் தேதி உட்கார்ந்து அது நடந்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? நீங்கள் இல்லை என்பீர்கள், அவர் ஆமாம் என்பார். ஷீட்டில் தேதி இருக்கிறதா, வாட்ஸ்அப்பில் வரி வந்ததா என்பதற்கு வாதமே வேண்டாம், திறந்தால் தெரிந்துவிடும். இரண்டு மூன்றுக்கு மேலும் போடாதீர்கள். பதினான்கு ஸ்டைல் பார்க்கிறவரிடம் எட்டு உறுதிமொழி வாங்கினால் எட்டும் ஒரு வாரத்தில் காணாமல் போகும்.

"ஒத்துக்கொண்டது" என்ற வார்த்தையைப் போட்டுவிட்டு உங்கள் உத்தரவை மட்டும் எழுதுவதும் அதே அளவுக்குக் கெடுதல். அவர் வாயால் சொன்னதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் வாட்ஸ்அப் யோசனை அவருடையது. 6 மணி என்னுடையது, காலையில் தலையாட்டிவிட்டார், ஆனால் திங்கட்கிழமை பதில் வந்தது: "சார், 6 மணிக்கு பெரும்பாலும் யூனிட்ல இருப்பேன், சிஸ்டம் இருக்காது. மறுநாள் காலை 10 மணின்னு வெச்சுக்கலாமா?" சரி என்று மாற்றிக்கொண்டோம். எதிரே உட்கார்ந்திருக்கும்போது மேனேஜரிடம் "முடியாது" என்று சொல்வது நம் ஆபீஸ்களில் எளிதில்லை, அதனால்தான் அந்தக் கடைசி வரியும், பதில் போட இரண்டு நாள் அவகாசமும் தேவைப்படுகிறது.

சிசி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஎம்மையும் எச்ஆரையும் சிசியில் போட்டால் இந்த மெயில் ஃபீட்பேக்காக இருக்காது, ரெக்கார்டாகிவிடும், பெறுகிறவர் அப்படித்தான் படிப்பார். பிசிசி அதைவிட மோசம், என்றைக்காவது வெளியே வரும். முறையான எச்சரிக்கையே தேவைப்படும் நிலை வந்துவிட்டால் அது வேறு கடிதம், அதற்கு கம்பெனியில் வேறு நடைமுறை இருக்கும், எச்ஆரோடு பேசி அந்த வழியில் போங்கள். இரண்டையும் ஒரே மெயிலில் கலக்க வேண்டாம்.

அப்புறம், வலிக்காமல் இருக்க முன்னாலும் பின்னாலும் பாராட்டை வைக்கும் பழக்கம். "நீங்கள் மிகத் திறமையானவர்" என்று தொடங்கும் மெயிலை வாங்குகிறவர், "ஆனால்" எங்கே வருகிறது என்றுதான் தேடுவார். நேவி மெயிலில் "அன்றே டையிங்குக்குப் போன் செய்தீர்கள்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதைப் பாராட்டாக எழுதவில்லை, நடந்தது அது. அவர் செய்ததைச் சரியாகக் கணக்கில் எடுத்திருக்கிறேன் என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

28ஆம் தேதி ஷீட்டைத் திறந்தோம். அந்த இரண்டு வாரத்தில் மூன்று ரிஜெக்ட் வந்திருந்தது. இரண்டு மறுநாள் 10 மணிக்கு முன்பே ஏறியிருந்தது, ஒன்று இரண்டு நாள் கழித்து. வாட்ஸ்அப்பில் நான்கு வரி வந்திருந்தது, அதில் ஒன்று ராத்திரி ஒன்பதரைக்கு. என் பக்கத்தில், பையிங் ஆபீஸுக்கு ஆள் போக வேண்டிய நாட்களில் இரண்டு நாள் போகவில்லை. இதையெல்லாம் அன்று மதியம் ஐந்து வரியில் எழுதி, பழைய மெயிலுக்குப் பதிலாகவே அனுப்பினேன், அடுத்துப் பார்க்கும் தேதியோடு.