லிரிக் வீடியோ: டிரம்மைப் பார்த்துச் சொல்லை ஆட்டாதீர்கள்

சேலத்தில் என்னிடம் அனிமேஷன் பழக வருகிறவர்கள் எழுத்துப்பிழையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். கீழே உள்ளவை கண்ணில் படாமல் காதில் இடிக்கும் தவறுகள்.

பீட்டில் அசைவைத் தொடங்குவது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான். ஏற்காடு மலைப்பாதையை வைத்து ஒரு தம்பி பாட்டு செய்தான். "வளைவு வளைவா வண்டி ஏறுது, நீ இல்லாம நெஞ்சு நிக்குது" என்று ஒரு வரி. வேகம் நிமிடத்துக்கு 100 பீட், வீடியோ நொடிக்கு 25 ஃப்ரேம். அப்படியானால் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 ஃப்ரேம். அவன் ஒவ்வொரு சொல்லையும் பீட் விழும் ஃப்ரேமில் கிளப்பி, 8 ஃப்ரேமில் பெரிதாகி நிற்கும்படி வைத்திருந்தான். குறில் ஒலி அரை பீட்டில் முடிந்துவிடும். சொல் வாசிக்கும்படி நிற்கும்போது பாடகர் அதைத் தாண்டிப் போயிருப்பார். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, "ஏதோ இழுக்குது" என்பார். பாட்டு முழுக்க அப்படியே செய்திருந்ததால், வெளியிடும் நேரத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி மறுபடி ரெண்டர் போட வேண்டியதாயிற்று.

அசைவு பீட்டில் முடிய வேண்டும். அது 8 ஃப்ரேம் அசைவு என்றால் 8 ஃப்ரேம் முன்னாலேயே தொடங்குங்கள். அதிலும் டிரம்மை நம்பாதீர்கள். சோகமான இடத்தில் பாடகர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் பாடுவார். குரல் டிராக்கை மட்டும் வாங்கி, அலைவடிவத்தில் சொல் தொடங்கும் இடத்தில் குறி வையுங்கள். அப்புறம் டிரம்மை அணைத்துவிட்டு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். தவறு உடனே தெரியும்.

குறி வைத்ததும் ஒரு தாளில் சொல், தொடங்கும் ஃப்ரேம், நீளம், உணர்வு, அசைவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு நாங்கள் எழுதியது இது: "வளைவு வளைவா" இடமும் வலமுமாகத் திரும்பி மேலேறும், "ஏறுது" அந்த வேகத்திலேயே மேலே போய்விடும். "நீ இல்லாம" அசைவில்லாமல் மெல்லத் தெளியும். "நெஞ்சு" இரண்டு பீட் நீள்கிறது, அதனால் 30 ஃப்ரேமில் 100இலிருந்து 106 சதவீதம் வரை மட்டும் வளரும். "நிக்குது" சட்டென்று வரும், நிற்கும். அங்கே ஒரு துள்ளல் சேர்த்தாலும் அர்த்தம் கெட்டுவிடும்.

எல்லாச் சொல்லுக்கும் ஒரே துள்ளல்

வேண்டாம். ஒரு வரிக்கு ஒரு சொல் துள்ளினால் போதும்.

எழுத்தெழுத்தாகப் பறக்கவிடுவது

ஆங்கில எழுத்துக்கான அனிமேஷன் பாடத்தைப் பார்த்துத் தமிழில் செய்தால் "சொ"வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகக்கூடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Range Selector-க்குள் Advanced போய், Based On என்பதை Words ஆக்குங்கள். எழுத்திடைவெளியை நீட்டினாலும் இதே தொல்லை வரலாம், அதனால்தான் "நெஞ்சு"வை அளவில் வளர்த்தோம்.

சொல்லை அவசரமாக விரட்டுவது

பாடகர் மூச்சு வாங்கும் வரை வரி திரையில் இருக்கட்டும்.